நாலு பேர், ஒரு வீடு, ஒரு எக்செல்: 535.65 ரேண்ட் காணாமல் போன கதை

போன வாரம்தான் எங்கள் வீட்டுக் கணக்கு, ஒரே ஒரு சதம் தவிர, பூஜ்யத்தில் வந்து நின்றது. அதற்கு இரண்டு மாதமும் மூன்று முழு இரவுகளும் ஆயின. கையிலிருந்து ஒரு காசும் செலவாகவில்லை. ஒன்டிரைவ் கணக்கு இலவசம், எக்செல் ஏற்கெனவே எல்லோர் லேப்டாப்பிலும் இருந்தது. போனதெல்லாம் தூக்கம்தான்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் நாலு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். நாலு பேருமே தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இங்கே இல்லை. மதுரை, கோவை, சேலம், அப்புறம் நான் திருச்சி. வாடகையை மதுரை கட்டுவார். ஃபோர்ட்ஸ்பர்க் போய் அரிசி, பருப்பு, மசாலா வாங்கி வருவது கோவை அண்ணன். இணையக் கட்டணம் சேலத்தின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும். ப்ரீபெய்ட் மின்சாரமும் பாலும் என் பொறுப்பு. முன்பெல்லாம் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய தாளில் எழுதுவோம். அது கிழிந்து போன 2023 ஜூன் மாதத்தில்தான் நான் வீராப்பாக எக்செலைத் திறந்தேன்.

முதல் வடிவம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தேதி, விவரம், தொகை, கொடுத்தவர் என நாலு நிரல்கள். மொத்தத்தைக் கூட்டி நாலால் வகுத்து, ஒவ்வொருவரும் கொடுத்ததிலிருந்து அதைக் கழித்தேன். நாலு பேரின் மிச்சத்தையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், வந்தது. கோப்பை ஒன்டிரைவில் போட்டு மற்ற மூவருக்கும் இணைப்பு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

மாதக் கடைசியில் கோவை அண்ணன் கால்குலேட்டரோடு வந்து உட்கார்ந்தார். "தம்பி, என் கறிக் காசு எங்கப்பா போச்சு?"

பார்த்தால் வரி இருக்கிறது. "ஆட்டுக்கறி, 310.50, கோவை" என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்த மொத்தத்தில் அந்தத் தொகை சேரவில்லை. அவருடைய மற்ற சில வரிகள் சேர்ந்திருந்தன, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். பெயரில் எழுத்துப் பிழையோ என்று தேடினேன், கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கிறதோ என்று பார்த்தேன், எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஒன்று கண்ணில் பட்டது. முழு எண்ணாக இருந்த வரிகள் எல்லாம் கணக்கில் வந்திருந்தன. புள்ளி வைத்து அவர் எழுதிய மூன்று வரிகள் மட்டும், 310.50, 148.90, 76.25, வரவில்லை. மூன்றும் சேர்ந்து 535.65 ரேண்ட்.

விஷயம் இதுதான். என் லேப்டாப் ஊரிலிருந்து கொண்டுவந்தது, அதில் விண்டோஸ் இந்திய வட்டார அமைப்பில் இருக்கிறது. கோவை அண்ணனின் லேப்டாப் இங்கே அலுவலகத்தில் கொடுத்தது, அதில் English (South Africa). அந்த அமைப்பில் தசமக் குறி புள்ளி அல்ல, காற்புள்ளி. 310,50 என்று அடித்தால்தான் அது எண். 310.50 என்று அடித்தால் எக்செல் அதை ஒரு சொல்லாக எடுத்துக்கொள்கிறது, "ஆட்டுக்கறி" மாதிரி. SUM, SUMIFS இரண்டும் சொற்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பிழை என்று ஒரு சத்தமும் வராது. மொத்தத்திலும் அந்தத் தொகை இல்லை, அவர் கொடுத்ததிலும் இல்லை. அதனால் மிச்சங்களைக் கூட்டினால் அப்போதும் அழகாகப் பூஜ்யம். நான் நம்பியிருந்த ஒரே சோதனை இந்தத் தவறை மட்டும் பிடிக்கவே பிடிக்காது. தவறு அப்படியே போயிருந்தால், மற்ற மூவரும் தர வேண்டிய 401.74 ரேண்ட் அண்ணனுக்கு நஷ்டம்.

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. எக்செலில் எண் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், சொல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஆனால் நான் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று தொகை நிரல் முழுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தேன். இருந்த ஒரே அடையாளத்தையும் என் கையாலேயே அழித்தாயிற்று. முதல் வேலையாக அப்படி நடுவில் நிறுத்தியதை எடுத்துவிட்டேன். மூன்று எண்களும் உடனே இடப்பக்கம் போய் நின்றன.

அடுத்து அவற்றை எண்ணாக மாற்ற வேண்டும். மூன்று வரிதானே, கையால் திருத்தியிருக்கலாம். எனக்குத்தான் ஃபார்முலா போட்டே தீர வேண்டும் என்ற வியாதி. அண்ணனின் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து, பக்கத்து நிரலில் இதை எழுதினேன்:

```
=NUMBERVALUE(C5,".",",")
```

ஃபார்முலாவில் ஏதோ பிரச்சினை என்று பெட்டி வந்தது. தசமக் குறி காற்புள்ளியாக இருக்கும் கணினியில் ஃபார்முலாவின் பகுதிகளைப் பிரிக்கக் காற்புள்ளி பயன்படாது, அரைப்புள்ளி போட வேண்டும். சரி என்று மாற்றினேன்:

```
=NUMBERVALUE(C5;".";",")
```

வேலை செய்தது. கீழே வரை இழுத்துவிட்டு, பெருமையாக அண்ணனிடம் காட்டினேன். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஏப்பா, பால் வாங்கினதா மாடு வாங்கினதா?" என்றார். நான் பாலுக்குக் கொடுத்த 92.50 அங்கே 925 ஆகியிருந்தது. இன்னொரு வரியில் 118.75 போய் 11875 நின்றது.

காரணத்தைப் பிறகுதான் யோசித்துப் பிடித்தேன். NUMBERVALUE சொல்லை எதிர்பார்க்கிறது. நான் என் லேப்டாப்பில் அடித்த வரிகள் ஏற்கெனவே சரியான எண்கள். அந்த எண்ணைக் கொடுத்ததும் எக்செல் முதலில் அதை அந்தக் கணினியின் வழக்கப்படி "92,5" என்ற சொல்லாக்குகிறது. பிறகு, காற்புள்ளி என்பது ஆயிரம் பிரிக்கும் குறி என்று நானே சொல்லியிருப்பதால் அதைத் தூக்கி எறிகிறது. மிஞ்சியது 925. ஆகவே, சொல்லாக இருப்பதை மட்டும் மாற்று, எண்ணாக இருப்பதைத் தொடாதே என்று சொல்ல வேண்டும்:

```
=IF(ISTEXT(C5);NUMBERVALUE(C5;".";" ");C5)
```

இது சரியாக வந்தது. விடைகளை நகலெடுத்து, Paste Special வழியாக மதிப்புகளை மட்டும் தொகை நிரலில் ஒட்டி, உதவி நிரலை அழித்தேன். ஜூன் கணக்கு ஒருவழியாக நேரானது.

இதே நோய் மறுபடி வராமலிருக்க, அண்ணனின் எக்செலில் File, Options, Advanced போய், Use system separators என்ற குறியை எடுத்துவிட்டு, Decimal separator இடத்தில் புள்ளி போட்டுக் கொடுத்தேன். விண்டோஸைத் தொட அலுவலகம் விடாது, ஆனால் எக்செலுக்குள் இருக்கும் இந்த அமைப்பு மாறியது. ஃபார்முலாவில் மட்டும் அவருக்கு இன்னும் அரைப்புள்ளிதான். கோப்புக்குள் ஃபார்முலா பொதுவான வடிவில் சேமிக்கப்படுவதால், அவர் அரைப்புள்ளியோடு எழுதியது என் திரையில் தானாகவே காற்புள்ளியோடு தெரிகிறது. கீழே உள்ள எல்லாவற்றையும் இந்த ஊர் வழக்கப்படி அரைப்புள்ளியோடு எழுதுகிறேன். உங்கள் கணினியில் பிழை வந்தால் காற்புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் வேறொரு சண்டை. மதுரை சைவம். "நான் சாப்பிடாத ஆட்டுக்கு நான் ஏன் காசு தரணும்?" என்றார், நியாயம்தான். சேலம் ஜூலை முழுக்க ஊரில் இருக்கப் போவதாகச் சொன்னார், அவர் மின்சாரத்துக்குப் பங்கு தர வேண்டுமா? என் அறைதான் இருப்பதிலேயே சின்னது, வாடகையை நான் ஏன் சரிசமமாகத் தர வேண்டும்? நாலால் வகுப்பது இனி ஓடாது என்று தெரிந்தது.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். யார் யாருக்கு எவ்வளவு என்று நாலுக்கு நாலு கட்டம் போட்டு, பன்னிரண்டு செல்லிலும் தனித்தனி ஃபார்முலா எழுதினேன். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் படித்தால் தலை சுற்றும். நான் மதுரைக்கும் கோவைக்கும் தர வேண்டும், கோவை மதுரைக்குத் தர வேண்டும், சேலம் எல்லோருக்கும் தர வேண்டும். ஒரே பணம் மூன்று கை மாறி வருகிறது. மறுநாளே அந்தக் கட்டத்தைத் தூக்கிவிட்டேன்.

இப்போது இருக்கும் வடிவம் இது. 1ஆம் வரியில் E முதல் H வரை நாலு பெயர்கள்: மதுரை, கோவை, சேலம், திருச்சி. அதன் கீழே 2ஆம் வரி கொடுத்தது, 3ஆம் வரி பங்கு, 4ஆம் வரி மிச்சம். 6ஆம் வரி தலைப்புகளுக்கு, 7இலிருந்து செலவுகள். A தேதி, B விவரம், C தொகை, D கொடுத்தவர், E முதல் H வரை ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு, I ஒரு பங்கின் விலை. முதல் ஆறு வரிகளை Freeze Panes கொண்டு நிறுத்திவிட்டால், எவ்வளவு கீழே போனாலும் மிச்சம் மேலே தெரிந்துகொண்டே இருக்கும்.

I7இல் இது. கீழே 300 வரை இழுத்தேன்:

```
=IF(SUM(E7:H7)=0;0;C7/SUM(E7:H7))
```

E2, E3, E4 மூன்றிலும் வரிசையாக இவை. எழுதிவிட்டு H வரை பக்கவாட்டில் இழுக்க வேண்டும்:

```
=SUMIFS($C$7:$C$300;$D$7:$D$300;E$1)
=SUMPRODUCT($I$7:$I$300;E$7:E$300)
=E2-E3
```

மிச்சம் கூட்டல் என்றால் அவருக்கு வர வேண்டும், கழித்தல் என்றால் அவர் தர வேண்டும். அவ்வளவுதான்.

இதன் அழகு அந்தப் பங்கு நிரல்களில் இருக்கிறது. கறிக்கு மதுரையின் கட்டத்தைக் காலியாக விட்டால் போதும். சேலம் ஊரில் இருக்கும்போது மின்சாரத்துக்கு அவர் கட்டம் காலி. வாடகைக்கு அறையின் அளவைப் பார்த்து 4, 3, 3, 2 என்று போட்டோம். தனிக் குளியலறை உள்ள மதுரைக்கு 4, எனக்கு 2. மொத்தம் 12 பங்கு, வாடகை 12000, ஆக ஒரு பங்கு 1000 ரேண்ட். இணையம் நாலு பேருக்கும் 1. "நான் இல்லாத மாசத்துக்கும் வைஃபையா?" என்று சேலம் போனில் சலித்துக்கொண்டார், ஒப்பந்தம் அவர் பெயரில்தான் இருக்கிறது என்று நினைவூட்டியதும் அடங்கினார்.

இரண்டு காவல் செல்கள் வைத்தேன். I4இல் மிச்சங்களின் கூட்டல், C4இல் தொகை நிரலில் சொல்லாக நிற்பவை எத்தனை என்ற எண்ணிக்கை:

```
=ROUND(SUM(E4:H4);2)
=COUNTA(C7:C300)-COUNT(C7:C300)
```

இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். யாராவது கொடுத்தவர் பெயரையோ பங்கையோ போட மறந்தால் I4 காட்டிக்கொடுக்கும். புள்ளி வைத்த சொல் நுழைந்தால் C4 காட்டிக்கொடுக்கும். அது போக, தொகை நிரலுக்கு Data Validation வைத்து Decimal, பூஜ்யத்துக்கு மேல் என்று கட்டுப்படுத்தினேன். D நிரலில் List தேர்ந்து, Source இடத்தில் =$E$1:$H$1 கொடுத்தேன். பெயரை அடிக்கவே வேண்டாம், தேர்ந்தால் போதும். ஆனால் Data Validation கையால் அடிப்பதை மட்டுமே தடுக்கும், வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் கண்டுகொள்ளாது. அதனால்தான் C4 இன்னும் தேவைப்படுகிறது.

ஜூலையில் ஓடிய கணக்கைப் பாருங்கள். வாடகை 12000, கொடுத்தது மதுரை. மின்சாரம் இரண்டு தடவை 600, கொடுத்தது நான், சேலம் தவிர மூவருக்கும். மளிகை 1860, கோவை, அதுவும் மூவருக்கு. கறி 425.50, கோவை, அவருக்கும் எனக்கும் மட்டும். இணையம் 799, சேலம், நாலு பேருக்கும். பால் 92.50, நான், மூவருக்கு. கடைசியாக, லோட்ஷெடிங்குக்கு வைத்திருந்த இன்வெர்ட்டரின் பேட்டரி செத்துப்போய், கோவை 5400 கொடுத்துப் புதிது வாங்கினார், நாலு பேருக்கும். மொத்தம் 21777.

மேலே வந்த மிச்சம்: மதுரைக்கு 5399.42 வர வேண்டும், கோவைக்கு 1872.17 வர வேண்டும். சேலம் 3750.75 தர வேண்டும், நான் 3520.83 தர வேண்டும். யார் யாருக்குத் தருவது என்பதற்கு நான் ஃபார்முலா எழுதவில்லை. அதிகம் தர வேண்டியவர், அதிகம் வர வேண்டியவருக்கு முதலில் தருகிறார். சேலம் தன் 3750.75 முழுவதையும் மதுரைக்கு அனுப்பினார். மதுரைக்கு இன்னும் 1648.67 பாக்கி, அதை நான் அனுப்பினேன். மிச்சம் 1872.17 என்னிடமிருந்து கோவைக்கு. மூன்றே அனுப்புதல்கள். நாலு பேர் என்றால் இப்படிச் செய்யும்போது மூன்றுக்கு மேல் போகாது. பால் 92.50ஐ மூன்றால் வகுத்தால் 30.8333 என்று ஓடிக்கொண்டே இருப்பதால், நான் கொடுத்த இரண்டையும் கூட்டினால் 3520.84 வருகிறது. அந்த ஒரு சதம் என் கணக்கில் போனது. எக்செலை வரிக்கு வரி முழுமையாக்கச் சொல்லவில்லை, செய்தால் I4 பூஜ்யத்தில் நிற்காது.

தீர்த்த பிறகு என்ன செய்வது என்பதிலும் ஒருமுறை சறுக்கினேன். ஜூன் முடிந்ததும் தீர்ந்த வரிகளுக்குப் பச்சை நிறம் பூசிவிட்டேன். நிறத்தைப் பார்த்துக் கூட்டும் ஃபார்முலா எக்செலில் கிடையாது. ஆக ஜூலையில் பழைய கடனும் சேர்ந்தே வந்தது. இப்போது திருப்பிக் கொடுத்ததையும் ஒரு செலவு வரியாகவே எழுதுகிறோம். விவரம் "திருப்பியது", தொகை 3750.75, கொடுத்தவர் சேலம், பங்கு மதுரைக்கு மட்டும் 1. சேலம் மதுரைக்காக மட்டும் ஒரு செலவு செய்ததாகப் பொருள். சேலத்தின் கொடுத்தது ஏறுகிறது, மதுரையின் பங்கு ஏறுகிறது, இருவரின் மிச்சமும் அதே அளவு பூஜ்யத்தை நோக்கி நகர்கிறது. புது நிரலோ புது ஃபார்முலாவோ எதுவும் தேவைப்படவில்லை. மூன்று வரிகளையும் எழுதியபோது மேலே மற்ற மூவரின் பெயருக்கும் கீழே 0.00 நின்றது, என் பெயருக்குக் கீழே மட்டும் அந்த ஒரு சதம் 0.01 என்று நின்றது. கழித்தல் குறியோடு -0.00 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது சதத்துக்கும் கீழே உள்ள தூசு.

ஒரு உபகதை. மின்சாரம் வாங்கினால் மீட்டரில் அடிக்க 20 இலக்க எண் வரும். பத்திரமாக இருக்கட்டும் என்று அதையும் விவர நிரலில், இடைவெளி விடாமல் அடித்து வைத்தேன். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வந்த நேரத்தில் மீட்டரில் யூனிட் தீர்ந்திருந்தது. ஷீட்டைப் பார்த்து எண்ணை அடித்தால் மீட்டர் ஏற்கவே இல்லை. எக்செல் ஒரு எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், மீதி ஐந்தையும் பூஜ்யமாக்கிவிடும். குறுஞ்செய்தி அழியாமல் இருந்ததால் அன்று தப்பித்தோம். இப்போது அந்த நிரலை அடிக்கும் முன்பே Text என்று மாற்றி வைத்திருக்கிறேன். அடித்த பிறகு மாற்றினால் போன ஐந்து இலக்கங்கள் திரும்பி வராது.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால், ஃபார்முலாவைத் தொடும் முன்பே நாலு பேரின் லேப்டாப்பையும் ஒருமுறை பார்த்திருப்பேன். காலி ஷீட்டில் 1.5 என்று அடித்து Enter தட்டி, அது வலப்பக்கம் நிற்கிறதா இடப்பக்கம் நிற்கிறதா என்று பார்த்தால் போதும், பத்து விநாடி வேலை. தொகை நிரலை எந்தக் காரணத்துக்காகவும் நடுவில் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் ஐந்தாவதாக நெல்லைக்காரர் ஒருவர் வருகிறார். அவருக்கான நிரலை H-க்கும் I-க்கும் நடுவில் நுழைத்தால் SUM(E7:H7) அவரைச் சேர்த்துக்கொள்ளாது. கோவைக்கும் சேலத்துக்கும் நடுவில் நுழைத்தால் தானாகவே E7:I7 என்று விரியும், பெயர்ப் பட்டியலும் விரியும். நகல் கோப்பில் செய்து பார்த்தாயிற்று, பழைய வரிகளில் அவர் கட்டம் காலியாக இருப்பதால் முன்கணக்கு எதுவும் அசையவில்லை. மேலே உள்ள மூன்று ஃபார்முலாவை மட்டும் அவர் நிரலுக்கு இழுத்துவிட வேண்டும். நடு இடம் கொடுத்தது பற்றிச் சேலத்துக்குக் கொஞ்சம் வருத்தம், தான் ஒரு நிரல் தள்ளிப் போய்விட்டோமாம்.